'ஜென் 3'-ஐ விட 'ஜென் 1' பெட்டரா? மொபைல் ப்ராசஸர் பெயரைப் படிப்பது எப்படி?

ஒரே ஒரு கேள்வி. ஸ்னாப்டிராகன் 6 ஜென் 1, ஸ்னாப்டிராகன் 6s ஜென் 3. இந்த இரண்டில் எது சிறந்த ப்ராசஸர்?

மொபைல் கடையில் நின்று கேட்டால், பெரும்பாலும் 'ஜென் 3' என்றுதான் பதில் வரும். "அது லேட்டஸ்ட் சார், மூணாவது ஜெனரேஷன்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 1-ஐ விட 3 பெரியது. 2022-ல் வந்ததை விட 2024-ல் வந்தது புதியது. ஆனால் சரியான பதில், 6 ஜென் 1.

15 ஆயிரம், 25 ஆயிரம் என்று இ.எம்.ஐ. போட்டு வாங்கும் போனை மூன்று, நான்கு வருஷம் வைத்திருக்கப் போகிறோம். கேமரா மெகாபிக்ஸல், பேட்டரி எம்.ஏ.ஹெச் எல்லாம் எண்ணைப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். ப்ராசஸர் மட்டும்தான் பெயரை வைத்து ஏமாறக்கூடிய இடம். அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்ப்போம்.

பெயரில் என்ன இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போன்களில் அதிகம் காணப்படுவது குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன், மீடியாடெக் நிறுவனத்தின் டைமென்சிட்டி, ஹீலியோ. இந்தக் கட்டுரையில் ஸ்னாப்டிராகனைத்தான் முழுசாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். குழப்பம் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

2021 கடைசி வரை ஸ்னாப்டிராகனுக்கு மூன்று இலக்கப் பெயர்தான். 480, 695, 778ஜி, 888 என்று இருக்கும். முதல் எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு உயர்ந்த ரகம். ஏறக்குறைய பஸ் ரூட் நம்பர் மாதிரி, பழகிவிட்டால் பிரச்னை இல்லை. ஒரு கட்டத்தில் 700 வரிசையில் 750, 765, 768, 778, 780 என்று எண்கள் நெரிசலாகி, அடுத்து வைக்கப் பெயர் இல்லை என்கிற நிலை. அதனால் 2021 டிசம்பரை ஒட்டி 'ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1' என்று புதிய முறைக்கு மாறினார்கள்.

புதிய முறையில் பெயருக்கு மூன்று பாகம். உதாரணமாக 'ஸ்னாப்டிராகன் 7s ஜென் 2' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் 7 என்பது ரகம். 8 என்றால் ஃப்ளாக்‌ஷிப், 7 என்றால் அதற்குக் கீழே நடுத்தரம், 6 என்றால் இன்னும் கொஞ்சம் கீழே, 4 என்றால் பட்ஜெட். கடைசியில் வரும் 'ஜென் 2' என்பது எத்தனையாவது தலைமுறை என்பது. நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன 's' இருக்கிறதே, அதுதான் பலரும் கவனிக்காமல் விடும் எழுத்து.

தமிழில் விகுதி மாறினால் அர்த்தமே மாறிவிடும். படித்தான், படித்தாள், படித்தது. முன்பகுதி ஒன்றுதான், கடைசி எழுத்துதான் ஆளைச் சொல்கிறது. இங்கேயும் அப்படித்தான். எண்ணுக்குப் பின்னால் '+' இருந்தால் அந்த ரகத்தில் ஒரு படி மேலே. எதுவும் இல்லையென்றால் சாதாரணம். 's' இருந்தால் ஒரு படி கீழே. 's' என்றால் 'ஸ்பெஷல்', 'ஸ்பீடு', 'சூப்பர்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெயரில் 's' உள்ள சிப், அதே எண்ணும் அதே தலைமுறையும் கொண்ட சாதாரண சிப்பை விடப் பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

ஒரே 7, ஒரே ஜென் 2... ஆனால்?

'ஒரு படி' என்று சொன்னோமே, அந்தப் படி எவ்வளவு உயரம்? அதைப் புரிந்துகொள்ள ஒரு உண்மையான ஜோடியை எடுத்துக்கொள்வோம்.

2023-ல் இரண்டு ப்ராசஸர்கள் வந்தன. மார்ச் மாதம் ஸ்னாப்டிராகன் 7+ ஜென் 2. செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் 7s ஜென் 2. இதில் வேடிக்கை என்னவென்றால், வெறும் '7 ஜென் 2' என்று ஒன்று வரவே இல்லை. மேல் படியும் கீழ்ப்படியும் இருக்கிறது, நடுப்படி கிடையாது.

7+ ஜென் 2 உடன் போகோ F5 போன் 2023 மே மாதம் இந்தியாவில் வந்தது. ஆரம்ப விலை 29,999 ரூபாய். 7s ஜென் 2 உடன் ரெட்மி நோட் 13 ப்ரோ 2024 ஜனவரியில் வந்தது. ஆரம்ப விலை 25,999 ரூபாய். விலையில் நான்காயிரம்தான் வித்தியாசம். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஜிஎஸ்எம் அரீனா போன்ற தளங்களில் ஒரு போனின் பக்கத்தைத் திறந்தால் 'CPU' என்று ஒரு வரி இருக்கும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரெட்மி நோட் 13 ப்ரோ ரகத்துக்கு அந்த வரி இப்படி இருக்கும்:

```
Octa-core (4x2.40 GHz Cortex-A78 & 4x1.95 GHz Cortex-A55)
```

போகோ F5 ரகத்துக்கு இப்படி:

```
Octa-core (1x2.91 GHz Cortex-X2 & 3x2.49 GHz Cortex-A710 & 4x1.80 GHz Cortex-A510)
```

பயப்பட வேண்டாம், படிப்பது சுலபம். ப்ராசஸர் என்பது ஒரே ஆள் இல்லை, எட்டுப் பேர் கொண்ட ஒரு டீம். அந்த எட்டுப் பேருக்குத்தான் 'கோர்' என்று பெயர். 4x என்றால் அந்த வகையில் நான்கு பேர். கிகாஹெர்ட்ஸ் என்பது அவர் எவ்வளவு வேகமாகக் கை ஓட்டுகிறார் என்பது. Cortex என்று தொடங்குவது அந்த ஆளின் திறமை. ஒரு சமையல்காரர் வேகமாகக் கை ஓட்டினால் மட்டும் போதாது, தொழில் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் அல்லவா, அதுபோல.

இந்தக் கார்டெக்ஸ் பெயர்களை வைப்பது குவால்காம் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ம் என்ற நிறுவனம்தான் இந்த கோர்களை வடிவமைத்து, மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிறது. அதனால்தான் இது நமக்குப் பயன்படுகிறது. ஸ்னாப்டிராகன், டைமென்சிட்டி, எக்ஸினாஸ் என்று மேலே எந்த போர்டு மாட்டினாலும், உள்ளே இருக்கும் ஆளின் பெயர் பெரும்பாலும் ஒரே பட்டியலில் இருந்துதான் வரும்.

அந்தப் பட்டியலில் மூன்று சாதி... வேண்டாம், மூன்று ரகம் என்று சொல்வோம். A55, A510, A520 என்பவை சின்ன கோர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் மெசேஜ் வாங்க, பாட்டு ஓட்ட இவை போதும். A76, A78, A710, A715, A720 என்பவை பெரிய கோர்கள். ஆப் திறப்பது, ஸ்க்ரோல் செய்வது, கேம் ஓட்டுவது எல்லாம் இவற்றின் தலையில்தான் விழும். X1, X2, X3, X4 என்று X-ல் தொடங்குபவை முதன்மை கோர்கள். அளவிலும் பெரியவை, சிப்பைத் தயாரிக்கும் செலவையும் ஏற்றுபவை. அதனால் செலவைக் கணக்குப் பார்க்கும் சிப்பில் இவற்றை வைக்க மாட்டார்கள்.

இப்போது மேலே உள்ள இரண்டு வரிகளையும் மறுபடி பாருங்கள். 7+ ஜென் 2-ல் ஒரு X2 உட்கார்ந்திருக்கிறது. இதே X2-தான் 2022-ன் ஃப்ளாக்‌ஷிப்பான ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1-லும் இருந்தது. அதாவது 7 என்று பெயர் போட்டு, 8-ன் குடும்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 7s ஜென் 2-ல் X கிடையாது. அதில் உள்ள A78, ஆர்ம் நிறுவனம் 2020-ல் அறிமுகப்படுத்திய கோர். 2022-ல் வந்த முதல் தலைமுறை '7 ஜென் 1'-லேயே அதைவிடப் புதிய A710 இருந்தது. ஆக, 'ஜென் 2' என்று பெயர் வாங்கிய சிப், கோர் விஷயத்தில் 'ஜென் 1'-க்கும் பின்னால் நிற்கிறது.

இதற்காக ரெட்மி நோட் 13 ப்ரோ மோசமான போன் என்று அர்த்தம் இல்லை. அதில் 200 மெகாபிக்ஸல் கேமரா கொடுத்தார்கள். போகோவில் 64 மெகாபிக்ஸல்தான். ஒரு போனில் காசு கேமராவுக்குப் போயிருக்கிறது, இன்னொன்றில் சிப்புக்குப் போயிருக்கிறது. எதற்குப் போயிருக்கிறது என்று தெரிந்து வாங்குவது வேறு, இரண்டும் ஒரே '7 ஜென் 2'தானே என்று நினைத்து வாங்குவது வேறு.

சரி, 6s ஜென் 3 கதை என்ன?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இங்கே இன்னொரு துப்பு கைகொடுக்கும். ஒவ்வொரு ஸ்னாப்டிராகனுக்கும் விளம்பரப் பெயர் தவிர, SM என்று தொடங்கும் ஒரு உள் எண்ணும் உண்டு. போஸ்டரில் பெரிதாக அச்சிட மாட்டார்கள். ஆனால் போன் விவரங்கள் தரும் தளங்களில் சிப் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஃப்ளாக்‌ஷிப் வரிசையை எடுத்துப் பார்த்தால் இந்த எண்ணின் ஒழுங்கு தெரியும். 8 ஜென் 1 என்பது SM8450. 8 ஜென் 2 என்பது SM8550. 8 ஜென் 3 என்பது SM8650. 8 எலைட் என்பது SM8750. முதல் எண் ரகம், இரண்டாவது எண் காலம். ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டாவது எண் ஒன்று ஏறுகிறது. மூன்றாவது, நான்காவது எண்கள் அதே தலைமுறைக்குள் யார் மேலே, யார் கீழே என்று காட்டும். 7s ஜென் 2 என்பது SM7435, 7+ ஜென் 2 என்பது SM7475 என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

இப்போது நம் ஜோடி. 6 ஜென் 1-ன் எண் SM6450. அதாவது 8 ஜென் 1-ன் காலத்தைச் சேர்ந்தது. 6s ஜென் 3-ன் எண்? SM6375. இரண்டாவது எண் 3. மூன்றாம் தலைமுறை என்று பெயர் வைத்துக்கொண்டு, முதல் தலைமுறைக்கும் முந்தைய எண்ணைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இதே SM6375 வேறு யாருடைய எண் தெரியுமா? 2021 அக்டோபரில் வந்த ஸ்னாப்டிராகன் 695-ன் எண். அந்த மூன்று இலக்கப் பெயர் காலத்து சிப்பைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, 2024-ல் புதுப்பெயர் சூட்டி இறக்கியிருக்கிறார்கள். 695-ல் இரண்டு A78 கோர் 2.2 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 6s ஜென் 3-ல் அதே இரண்டு A78, 2.3 கிகாஹெர்ட்ஸ். மீதி ஆறும் சின்ன A55 கோர்கள்தான். கிராபிக்ஸைக் கவனிக்கும் பகுதியும் அதே அட்ரினோ 619.

6 ஜென் 1-ல் பெரிய A78 கோர்கள் நான்கு. அதாவது உழைக்கும் ஆட்கள் இரண்டு மடங்கு. கிராபிக்ஸ் பகுதியும் புதிய அட்ரினோ 710. தயாரிப்பு முறையும் 6 நானோமீட்டருக்குப் பதில் 4 நானோமீட்டர்.

இந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் இல்லை. 695-ல் வீடியோ பதிவு ஃபுல் ஹெச்.டி.யோடு நின்றுவிடும், 4கே எடுக்க முடியாது. கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்றாலும் சரி, சிப் கையாளாது. 6s ஜென் 3-க்கும் அதே எல்லைதான். 2024 ஜூலையில் 17,999 ரூபாய் ஆரம்ப விலையில் வந்த மோட்டோ G85-ல் இந்த சிப்தான் இருந்தது; அதன் விவரப் பக்கத்தில் வீடியோ என்ற இடத்தில் 1080p என்றுதான் இருக்கும். 6 ஜென் 1 உள்ள போன்களால் 4கே பதிவு செய்ய முடியும்.

இதுவே ஒரு நல்ல குறுக்கு வழி. கோர், கோடு எதுவும் பார்க்க நேரம் இல்லையா? போனின் விவரப் பட்டியலில் 'Video' என்ற வரியை மட்டும் பாருங்கள். 1080p மட்டும் என்றால் பெரும்பாலும் பட்ஜெட் சிப். 4கே 30 ஃப்ரேம் என்றால் நடுத்தரம். 4கே 60 ஃப்ரேம், 8கே என்றெல்லாம் இருந்தால் மேல் ரகம். சில நேரம் நல்ல சிப் இருந்தும் நிறுவனமே இந்த வசதியைக் குறைத்து வைப்பது உண்டு. ஆனால் பட்ஜெட் சிப்பை வைத்துக்கொண்டு 4கே 60 என்று காட்டுவது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இந்த SM எண்ணின் இலக்கணத்தை குவால்காம் சட்டமாக எழுதி வைக்கவில்லை. இது பல வருஷப் பெயர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒழுங்கு. பட்ஜெட் வரிசையில் எண் புதிதாக இருந்தும் கோர் பழையதாக இருக்கலாம். ஸ்னாப்டிராகன் 4s ஜென் 2-ன் எண் SM4635, உள்ளே இருப்பதோ அதே A78, A55 கூட்டணிதான். அதனால் எண் சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்பைக் கோர் வரிதான் சொல்லும்.

மீடியாடெக் மட்டும் என்ன?

டைமென்சிட்டியில் நான்கு இலக்க எண். 9-ல் தொடங்கினால் ஃப்ளாக்‌ஷிப் (9200, 9300, 9400), 8-ல் தொடங்கினால் அதற்கு அடுத்தது, 7 நடுத்தரம், 6 பட்ஜெட். பெயர் முறை ஸ்னாப்டிராகனை விடத் தெளிவு. ஆனால் பழைய சிப்புக்குப் புதுப்பெயர் வைக்கும் வேலை இங்கேயும் உண்டு. 2020 கடைசியில் வந்த டைமென்சிட்டி 700-தான் பின்னாளில் 6020 ஆனது. 8050 என்ற பெயர் 2022-ல் வந்த 8100-க்குப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அது 2021 ஜனவரியில் வந்த டைமென்சிட்டி 1200-ன் வழிவந்தது. இரண்டுக்கும் MT6893 என்ற ஒரே உள் எண். மீடியாடெக்கில் SM-க்குப் பதில் MT என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹீலியோ என்று பெயர் இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அது 4ஜி சிப். ஹீலியோ G99, G100 என்று எண் எவ்வளவு ஏறினாலும் 5ஜி வராது.

சாம்சங்கின் எக்ஸினாஸில் 2-ல் தொடங்குபவை (2400 போல) ஃப்ளாக்‌ஷிப், 1-ல் தொடங்குபவை (1380, 1480 போல) நடுத்தரம், பட்ஜெட். ஐபோனில் இந்தத் தலைவலி குறைவு. ஆப்பிள் பட்ஜெட் சிப் என்று தனியாகச் செய்வதில்லை. A-க்குப் பின்னால் உள்ள எண் புதியதா, பழையதா என்பதுதான் கேள்வி.

ஃப்ளாக்‌ஷிப்பிலும் குழப்பமா?

ஆமாம். அதிகக் காசு கொடுப்பவரும் தப்பவில்லை.

2024 அக்டோபரில் வந்த ஃப்ளாக்‌ஷிப்புக்கு '8 ஜென் 4' என்று பெயர் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். குவால்காம் 'ஸ்னாப்டிராகன் 8 எலைட்' என்று வைத்தது. காரணம், அதில் ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் கோர் இல்லை. குவால்காம் சொந்தமாக வடிவமைத்த ஓரியான் கோர்கள். அதனால் 8 எலைட் உள்ள போனின் CPU வரியில் X-ஐத் தேடினால் கிடைக்காது. அங்கே Oryon என்று இருக்கும். இருந்தால் கவலை வேண்டாம், அது X-க்கு மேலான இடம்.

அடுத்து 2025 ஏப்ரலில் '8s ஜென் 4' வந்தது. இதைப் பார்க்கிறவர், 8 ஜென் 3-க்கு அடுத்தது இதுதான் போல என்று நினைப்பது இயல்பு. ஆனால் இதில் ஓரியான் கிடையாது; X4 தான் தலைமை கோர். அதே X4 தான் 2023 கடைசியில் வந்த 8 ஜென் 3-லும் இருந்தது. அதன் எண்ணும் SM8735. எலைட்டின் SM8750-க்குக் கீழே. நல்ல சிப்தான், ஆனால் எலைட்டின் விலையில் இதை வாங்கக்கூடாது.

2025 செப்டம்பரில் '8 எலைட் ஜென் 5' வந்தது. அதன்பின் நவம்பரில் வெறும் '8 ஜென் 5' வந்தது. இரண்டிலும் ஓரியான் உண்டு. ஆனால் எலைட் என்ற சொல் இருக்கிறதா, இல்லையா என்பதில் ஒரு படி வித்தியாசம். முன்பெல்லாம் வெறும் '8' என்றாலே உச்சி. இப்போது 8-க்குள்ளேயே எலைட், சாதாரணம், s என்று மூன்று மாடி. தமிழ் இலக்கணத்தில் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று படித்திருப்போம். காரணத்தோடு வைக்க ஆரம்பித்த பெயர், போகப் போக இடுகுறியாகிவிட்ட கதை இது.

விளம்பரத்தில் கண்ணைக் கட்டும் வார்த்தைகள்

'ஆக்டா கோர்' என்று பெட்டியில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். எட்டு கோர் என்பது இன்று 10 ஆயிரம் ரூபாய் போனிலும் உண்டு, லட்ச ரூபாய் போனிலும் உண்டு. எத்தனை பேர் என்பதில் ஒன்றும் இல்லை. எத்தனை பேர் பெரியவர்கள் என்பதில்தான் விஷயம்.

அடுத்தது கிகாஹெர்ட்ஸ். ஸ்னாப்டிராகன் 680-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ். 695-ல் 2.2 தான். எண்ணைப் பார்த்தால் 680 வேகம் போலத் தெரியும். ஆனால் 680-ல் உள்ளவை 2016 காலத்து A73-ஐ அடிப்படையாகக் கொண்ட கோர்கள். 695-ல் A78. கை வேகமாக ஓடுகிறது, வேலை மெதுவாக நடக்கிறது. கிகாஹெர்ட்ஸை ஒரே வகை கோருக்குள் மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

'4 நானோமீட்டர் சிப்' என்பதும் அப்படித்தான். தயாரிப்பு முறை எவ்வளவு நுணுக்கமானது என்று அது சொல்லும். சூடும் மின்சாரச் செலவும் குறைய உதவும். ஆனால் ஃப்ளாக்‌ஷிப்பான 8 ஜென் 1-ம் 4 நானோமீட்டர், பட்ஜெட்டான 4 ஜென் 2-வும் 4 நானோமீட்டர். அதே 8 ஜென் 1-ஐ சாம்சங் ஆலையில் தயாரித்தபோது அதிகம் சூடானது என்ற புகார் வந்தது. அடுத்து வந்த 8+ ஜென் 1-ஐ தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலைக்கு மாற்றினார்கள், அதே 4 நானோமீட்டர்தான், ஆனால் மின்சாரச் செலவும் சூடும் நன்றாகவே குறைந்தன. நானோமீட்டர் என்ற எண் ஒன்றாக இருந்தாலும் பட்டறை வேறு.

ஆன்டுடு ஸ்கோர் இப்போது எல்லா போஸ்டரிலும் இருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம். ஆன்டுடு ஆப்பின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மதிப்பெண் போடும் முறை மாறும். அதே போன் புதிய பதிப்பில் அதிக மார்க் வாங்கும். பழைய போனின் பழைய பதிப்பு ஸ்கோரையும் புதிய போனின் புதிய பதிப்பு ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து 'இவ்வளவு முன்னேற்றம்' என்று பார்த்தால் ஏமாற்றம்தான். கீக்பெஞ்ச் 6-ல் 'சிங்கிள் கோர்' மார்க் இன்னும் நேர்மையான அளவுகோல். 695, 6s ஜென் 3 ரகம் சுமார் 900-ஐ ஒட்டி வரும். 8 எலைட் 3,000-ஐ ஒட்டி வரும். ஆப் திறக்கும் வேகத்தில் நீங்கள் உணர்வது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான்.

அப்போ ஃப்ளாக்‌ஷிப்தான் வாங்கணுமா?

அவசியமே இல்லை. வாட்ஸ்அப், யூடியூப், யு.பி.ஐ., போன் கால் இதுதான் உபயோகம் என்றால் இரண்டு A78 கோர் உள்ள பட்ஜெட் சிப்பே வண்டியை ஓட்டிவிடும். அம்மா, அப்பாவுக்கு வாங்கும் போனுக்கு 8 எலைட் தேவையில்லை. கேம் விளையாடுகிறவர், வீடியோ எடுத்து போனிலேயே எடிட் செய்கிறவர், ஒரே போனை நான்கு வருஷத்துக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர் என்றால் குறைந்தது நான்கு பெரிய கோர், முடிந்தால் ஒரு X கோர் இருப்பதைத் தேடலாம்.

இங்கே இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு வருஷப் பழைய ஃப்ளாக்‌ஷிப், தள்ளுபடியில் புதிய நடுத்தர போனின் விலைக்கே இறங்கும். சிப்பை மட்டும் பார்த்தால் பழைய 8 ஜென் 2, புதிய 7s எதையும் எளிதாகத் தாண்டும். ஆனால் அந்த போனுக்கு ஆண்ட்ராய்டு அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சிப்புக்கு வயசாகாமல் இருக்கலாம், பேங்க் ஆப் கேட்கும் செக்யூரிட்டி அப்டேட் நின்றுவிட்டால் கஷ்டம்.

கடையில் எப்படிச் சரிபார்ப்பது?

ஆன்லைன் ஷாப்பிங் பக்கத்தில் சில நேரம் '5ஜி ஆக்டா கோர் ப்ராசஸர்' என்று மட்டும் போட்டு, பெயரே இருக்காது. பெயரைச் சொல்லாத போனில் பெருமையாகச் சொல்ல ஏதும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போனின் பெயரைத் தேடி, விவரத் தளத்தில் CPU வரியைப் பாருங்கள். அதே பக்கத்தில் ரேம் வகையையும் ஒரு கண் பாருங்கள். LPDDR4X, UFS 2.2 என்று இருந்தால் நடுத்தரம் அல்லது அதற்குக் கீழ். LPDDR5X-ஓடு UFS 4.0-வும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் மேல் ரக சிப்போடுதான் வரும். பட்ஜெட் சிப் உள்ள போன்களில் அந்த ஜோடி பெரும்பாலும் இருக்காது. எனவே இது சிப்பைப் பற்றிய இன்னொரு சாட்சி.

ஏற்கெனவே கையில் இருக்கும் போன், அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும் போன் என்றால், ப்ளே ஸ்டோரில் CPU-Z என்ற இலவச ஆப்பைப் போடுங்கள். முதல் பக்கத்திலேயே சிப்பின் பெயரும், அதன் கீழே எந்த கோர் எத்தனை என்பதும் தெரியும். குவால்காம் சிப்களில் சில ஆப்கள் Cortex என்று காட்டாமல் Kryo என்று காட்டலாம். அது குவால்காம் தன் கோர்களுக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர். அப்படி வந்தால் சிப்பின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விவரத் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஆன்லைனில் புதிய போன் வாங்கியவர்கள் இந்த ஆப்பை டெலிவரி ஆன அன்றே ஓட்டிப் பார்ப்பது நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் பெயரும் ஆப் காட்டும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ரிட்டர்ன் செய்யக் கொடுத்திருக்கும் நாட்கள் முடிவதற்குள் புகார் பதிவு செய்துவிடுங்கள்.